கல்யாணப் படத்தில் மாவு பூசின முகம்

“அக்கா கல்யாணப் படத்துல மேக்கப் மாவு அப்பின மாதிரி, நெத்தியில எண்ணெய் வழியுது. இயல்பா மாத்த முடியுமா?”

முதலில் பளபளப்பைப் பாருங்கள் தம்பி. போட்டோஷாப்பில் புது வெற்று லேயர் போட்டு, மோடை Darken ஆக்கி, மென்மையான பிரஷை Opacity 10% வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை Alt அழுத்தி எடுத்து மெதுவாகத் தடவுங்கள். அந்த மோடில் வெளிச்சமான இடம்தான் மங்கும், புருவமும் பொட்டும் அப்படியே இருக்கும். மூக்கு நுனியில் கொஞ்சம் மினுமினுப்பை விடுங்கள். சுங்கை சிப்புட்டில் தோட்டக் கோயில் மண்டபத்தில் எடுத்த தங்கை படத்தில் முழுவதும் துடைத்து, களிமண் பொம்மையாக்கிவிட்டேன்!

அப்புறம் மாவு வெள்ளை. முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு Curves-ல் லேசாக இறக்குங்கள். கழுத்தைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள், அங்கேயும் பவுடர் இருக்கும். முழங்கைப் பக்கம், மருதாணி இல்லாத தோல்தான் அக்காவின் உண்மையான நிறம்.