மலை நகரில் அழுத்தக் குறைப்பு வால்வு: எதைத் தெரிவு செய்வது, எங்கே நிறுத்துவது?

கேள்வி: கிளிநொச்சியில் வேலை பழகிய நான் மலையக நகரம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்துள்ளேன். நீர்த்தாங்கிக்கும் கடைசி வீட்டுக்கும் 160 மீற்றர் உயர வித்தியாசம். அழுத்தக் குறைப்பு வால்வை எப்படித் தெரிவு செய்து, எத்தனை பாரில் வைப்பது?

வன்னியில் தரை ஏறத்தாழ ஒரே மட்டம் என்பதால், தாங்கியின் உயரமே ஊர் முழுவதற்கும் அழுத்தத்தைத் தீர்மானித்துவிடுகிறது. மலையில் வலயத்தின் மிக உயரமான வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

கீழ் வலயத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி வீட்டின் மட்டம் 0, மிக உயரமான வீடு 40, வால்வு 45, தாங்கியின் நீர்மட்டம் 160 மீற்றர். மேல் வீட்டுக்கு 15 மீற்றர் அழுத்தமும், உச்சப் பாவனை நேரத்தில் குழாயில் இழக்கப்படும் 10 மீற்றரும் சேர்த்தால், 65 மீற்றர் மட்டம் தேவை. ஆகவே வால்வின் வெளி அழுத்தம் 20 மீற்றர், அதாவது ஏறத்தாழ 2 பார். இரவில் பாவனை நின்றதும் கடைசி வீட்டில் 6.5 பார் நிற்கும். இது என் பார்வையில் மேல் எல்லை. வலயத்தின் உயரம் இதைவிடக் கூடினால், அதை இரண்டாகப் பிரிப்பதே சரி.

உள்ளே வரும் அழுத்தமோ 11.5 பார். அதை ஒரே வால்வில் 2 பாருக்கு இறக்கினால் விகிதம் ஆறை நெருங்கும். நீர்க்குமிழிகள் உருவாகி உடைந்து, கூழாங்கல் உருள்வது போன்ற சத்தத்துடன் வால்வின் அடைப்பு வந்து உட்காரும் இருக்கையை அரித்துவிடும். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் தாண்டும்போது, தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இங்கே முதலில் 4.5 பாருக்கும், அடுத்து 2 பாருக்கும் இறக்கும் இரு வால்வுகளைத் தொடராக வைப்பதே பாதுகாப்பானது.

வால்வின் அளவைக் குழாயின் விட்டத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், நீர்ப்பாய்ச்சலைக் கொண்டு தீர்மானியுங்கள். பெரிய வால்வு நள்ளிரவின் சிறு பாய்ச்சலில் திறப்பதும் மூடுவதுமாகத் தடுமாறும். இரவுப் பாய்ச்சல் மிகக் குறைவானால், பக்கவழியில் ஒரு சிறிய வால்வைச் சற்றுக் கூடிய அழுத்தத்தில் வையுங்கள். சிறிது பாவனைக்கு அதுவே போதும், பெரியது மூடியே இருக்கும்.

அழுத்தத்தை அமைக்கும்போது கீழே ஒரு கழுவு வால்வைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, பைலட் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அழுத்தமானியின் முள் நிலைபெறும்வரை காத்திருங்கள். பின்னர் கீழ்ப்பக்க மூடு வால்வை முழுமையாக மூடி அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் 2 பாரைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டால் நல்லது. மெதுவாக ஏறிக்கொண்டே போனால், இருக்கையில் மணல் அல்லது துரு அகப்பட்டுக் கசிகிறது. வடிகட்டியையும் இருக்கையையும் கழற்றிப் பாருங்கள். வால்வு ஓடும் வேளையில் முள் மேலும் கீழும் ஆடினால், அது அளவு பெரிதாகிவிட்டதற்கோ பைலட் குழாயில் காற்று அடைத்திருப்பதற்கோ அறிகுறி. முதலில் காற்றை வெளியேற்றிப் பாருங்கள்.

இரண்டாவது வால்வுக்குப் பின்னால் 2.7 பாரில் திறக்கும் நிவாரண வால்வு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். குறைப்பு வால்வுகள் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், கடைசி வீட்டின் குழாயில் 16 பார் வரை ஏறிவிடும். நிவாரண வால்வின் தண்ணீர் வீதியில் செல்வோர் கண்ணில் படும் வடிகாலில் விழட்டும். அப்போதுதான் பழுது அன்றே தெரியவரும்.