எந்த மொழிச் சொல்லை எண்ணுவது?

அன்புள்ள ஐயா,
இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். சொல்லுக்கு, மணிக்கு, பக்கத்துக்கு என்று மூன்று விதமாகக் கேட்கலாம் என்கிறார்கள். எது நல்லது? இப்போது ஒரு நிறுவனம், முடித்துக் கொடுத்ததும் தமிழ்ச் சொற்களை எண்ணிப் பணம் தருவதாகச் சொன்னது. சரி என்று சொல்லிவிட்டேன்.
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். யோசிக்காமல் ஏனம்மா சரி என்றீர்கள்?

‘மோட்டார் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.’ நான்கு சொல். இதன் ஆங்கில மூல வாக்கியம், ‘டூ நாட் ஓபன் த கவர் வைல் த மோட்டார் இஸ் ரன்னிங்.’ பத்துச் சொல். ஆங்கிலம் தனியாக நிறுத்துகிற ‘த’ நம்மிடம் மறைந்துபோகிறது. ‘நாட்’, ‘வைல்’ எல்லாம் வினையோடு ஒட்டிக்கொள்கின்றன. பத்துச் சொல்லையும் படித்துப் புரிந்துகொண்டவர் நீங்கள். கூலி நான்குக்குத்தான். எல்லா வாக்கியமும் இவ்வளவு சுருங்காது, உதிரிபாகப் பட்டியலில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே வரும். ஆனால் கையேட்டில் பெரும்பகுதி வாக்கியம்தான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பம்ப் கையேடு, ஆங்கிலத்தில் 12,000 சொல். அதை நம்பி வரவைக் கணக்குப் போட்டிருந்தேன். கொடுத்த பிறகு தமிழ்க் கோப்பை எண்ணி 8,100 என்றார்கள். ஒப்பந்தத்தில் ‘சொல்லுக்கு’ என்று மட்டும் இருந்தது, எந்த மொழிச் சொல் என்று இல்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வாயைத் திறக்க வழியில்லை.

பணம் போனதைவிட இன்றும் எனக்கு ஆறாதது வேறொன்று. அதே வாக்கியத்தை ‘மோட்டார் ஓடும் போது மூடியைத் திறக்க வேண்டாம்’ என்று எழுதுங்கள். ஆறு சொல். பொருள் அதேதான், கூலி ஒன்றரை மடங்கு. சேர்த்து எழுத வேண்டியதைச் சேர்த்து, இறுக்கமாக எழுதுகிறவருக்குக் குறைவு, பிரித்துப் பிரித்து நீட்டுகிறவருக்கு அதிகம். இயந்திரத்தின் பக்கத்தில், கையில் ஸ்பானரோடு நின்று படிக்கிறவருக்குச் சுருக்கமான வாக்கியம்தான் வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவரையே இந்தக் கணக்கு தண்டிக்கிறது. மூலத்தை எண்ணினால் இந்த வம்பே இல்லை. வேலை தொடங்கும் முன்பே தொகை இருவருக்கும் தெரிந்துவிடும்.

பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு படம் இருக்கும், அடுத்ததில் பொடியெழுத்தில் அட்டவணை. மணிக்கணக்கு, சொல்லால் அளக்க முடியாத வேலைகளுக்கு: கலைச்சொல் பட்டியல் தயாரிப்பது, பிறர் மொழிபெயர்ப்பைத் திருத்துவது, படத்துக்குள் பதிந்த எழுத்தைத் தமிழாக்குவது. படமாக இருக்கும் எழுத்து வேர்டின் எண்ணிக்கையில் வராது என்பதை மறக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கியிருக்காவிட்டால் இன்றே அவர்களுக்கு எழுதுங்கள், மூலக் கோப்பின் எண்ணிக்கைப்படிதான் என்று. தமிழைத்தான் எண்ணுவோம் என்று பிடிவாதம் பிடித்தால், அந்தக் கையேட்டிலேயே வாக்கியங்கள் நிறைந்த 500 சொல்லை மொழிபெயர்த்துப் பாருங்கள். தமிழில் 340 வந்தால், 500ஐ 340ஆல் வகுத்து, ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் கேட்கும் கூலியை அதால் பெருக்குங்கள். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். தமிழ்ச் சொல்லுக்கு அந்தக் கூலியைக் கேளுங்கள், மாதிரியையும் கூடவே அனுப்புங்கள்.