மூன்று நாள் ஜூஸ், இரண்டு கிலோ: டயட்டீஷியனிடம் கேளுங்கள்

மூன்று நாள் 'டீடாக்ஸ் பேக்' வாங்கினேன். ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் பழச்சாறு, வேறு சாப்பாடு இல்லை. இரண்டு கிலோ குறைந்தது. ஒரே வாரத்தில் திரும்ப ஏறிவிட்டது. எங்கே தப்பு? என் எடை 58 கிலோ.
– வாசகி, கோவை

தப்பு உங்களிடம் இல்லை, குறைந்தது பெரும்பாலும் கொழுப்பே இல்லை. பாட்டிலுக்கு 250 மில்லி என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். அதில் சுமார் 700 கலோரி கிடைக்கும். உங்களுக்குத் தேவை 1,700 என்று வைத்தால் தினமும் 1,000, மூன்று நாளில் 3,000 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். முழுப் பற்றாக்குறையும் கொழுப்பிலிருந்தே போனதாக வைத்தாலும் 400 கிராம்தான் கரைந்திருக்கும்.

மீதி என்ன? கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரையைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் கிளைக்கோஜன் கரையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறும். குடலும் காலியாக இருக்கும். மறுபடி சாதம் சாப்பிட்டதும் எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும்.

எனக்குக் கவலை தருவது புரதம். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை, உங்களுக்கு 48 கிராம் வருகிறது. அந்த ஆறு பாட்டிலில் பத்து கிராம் இருந்தாலே அதிகம். சர்க்கரையோ 150 கிராம், அதாவது முப்பது டீஸ்பூன்! வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் உடம்பு தசையை உடைத்து எடுத்துக்கொள்ளும். மூன்று நாளில் பெரிய சேதம் வராது. மாதாமாதம் செய்தால், எடை திரும்பும்போது தசைக்குப் பதில் கொழுப்பாகத் திரும்ப வாய்ப்பு அதிகம்.

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. காலையில் ஆப்பிள் ஜூஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குகிறது, படபடக்கிறது. ஏன்?
– வாசகர், திருச்சி

1977-இல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவு மாவுச்சத்தை முழு ஆப்பிளாக, மசித்த ஆப்பிளாக, சாறாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சாறு குடித்தபோது இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது, பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கியது. முழு ஆப்பிளில் அந்த இறக்கம் வரவில்லை. நார்ச்சத்தை வடிகட்டிவிட்டால் தடுப்பு எதுவும் இல்லை. கூடவே முட்டையோ சுண்டலோ இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், ஜூஸ் மட்டும் என்றால் அதுவும் இல்லை.

நடுங்கும் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 85, 90 என்று காட்டினால் அது தாழ்சர்க்கரை இல்லை, வெறும் பசியாக இருக்கலாம். தலைவலியும் சேர்ந்திருந்தால் இன்னொரு கேள்வி: டயட்டுக்காகக் காபியை நிறுத்தினீர்களா? பலர் 'நச்சு வெளியேறுகிறது' என்று நினைப்பது காபி கிடைக்காத தலைவலியைத்தான்.

அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை நோய்க்குக் கிளிமிப்ரைடு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாள் வெண்பூசணி, பாகற்காய்ச் சாறு மட்டும் குடிக்கப் போகிறாராம். மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, மதுரை

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்த டயட்டை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கிளிமிப்ரைடு பார்க்காது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். காய்ச்சாற்றில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். மாத்திரையை விட்டுவிட்டுப் பழச்சாறு குடித்தால் நேர்மாறாக எகிறும். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

ஒருவேளை அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு வியர்த்து, பேச்சு தடுமாறினால், சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் இட்லியோ சாதமோ சாப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் மாத்திரையின் வேலை அதற்குள் முடிந்திருக்காது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஜூஸ் கல்லீரலைச் சுத்தம் செய்யாதா?
– வாசகர், சேலம்

கல்லீரல் பல கழிவுகளை கிளைசின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களின் துணையோடுதான் வெளியேற்றுகிறது. அவை புரதத்திலிருந்து வருபவை. அந்தப் புரதத்தையே குறைத்துவிட்டு எதைச் சுத்தம் செய்வது?

அப்புறம், சுரைக்காய்ச் சாறு குடிக்கும் வழக்கம் இருந்தால் அரைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு.