ரேட்டிங் கூட்டத்து மினிட்ஸில் எதை எழுதலாம், எதை விடலாம்?

கேள்வி: வணக்கம் சார். ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். பத்து நாள் முன்னாடி ஏழு மேலாளர்கள் உட்கார்ந்து எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒப்பிட்டு முடிவு செய்தார்கள். மினிட்ஸ் இன்னும் எழுதவில்லை. எம்.டி. "யார் என்ன சொன்னாங்கன்னு முழுசா எழுதுங்க" என்கிறார். பிளான்ட் ஹெட் "எதுவுமே எழுதாதீங்க, நாளைக்கு கோர்ட்ல நம்மளையே கேப்பாங்க" என்கிறார். இதற்குள் மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த ஒரு எஞ்சினியர், 4 கொடுக்க வேண்டிய இடத்தில் ஏன் 3 என்று மெயில் அனுப்பிவிட்டார். நான் எப்படி எழுதுவது?

பதில்: எம்.டி. சொல்வதும் வேண்டாம், பிளான்ட் ஹெட் சொல்வதும் வேண்டாம். கம்பெனிச் சட்டம் மினிட்ஸ் வைக்கச் சொல்வது போர்டு, போர்டு குழு, பங்குதாரர் கூட்டம் போன்றவற்றுக்குத்தான், உங்கள் ரேட்டிங் கூட்டத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, படிவமும் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் தப்பித்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. வழக்கு வந்தால் ஏழு மேலாளர்களும் சாட்சிக்கூண்டில் ஏறி ஞாபகத்தில் இருந்து பேச வேண்டி வரும், ஏழு பேரும் ஏழு காரணம் சொல்வார்கள். குறிப்பு இருந்தும் கோர்ட்டில் காட்டாமல் வைத்துக்கொண்டால் இன்னும் மோசம்: கையில் இருக்கும் ஆதாரத்தைக் காட்டாதவருக்கு அந்த ஆதாரம் எதிராகத்தான் இருக்கும் என்று நீதிபதி ஊகித்துக்கொள்ளலாம், புதிய சாட்சியச் சட்டத்திலும் இது 119-ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. மேலே 'ரகசியம்' என்று சிவப்பில் அடித்துவிட்டால் கோர்ட் கேட்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கேட்கும். நீங்கள் வக்கீலிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொன்னதற்குத்தான் பாதுகாப்பு, மேலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கு இல்லை.

அதனால் என் வழி இதுதான். கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு பக்கம், ரேட்டிங் மாறிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தாள். பொதுப் பக்கத்தில் தேதி, யார் வந்தார்கள், எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள், இறுதி முடிவு யாருடையது என்பது மட்டும், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். இப்படிப் பிரித்து வைப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நாளை இந்த எஞ்சினியரின் தாளைத் தாக்கல் செய்யச் சொன்னால் அது ஒன்றுதான் போகும், மற்ற அறுபது பேருடைய மார்க்கும் சேர்ந்து போகாது. ஒரே எக்ஸெல்லில் எல்லாரையும் போட்டு வைத்திருப்பவர்கள் கோர்ட்டில் கறுப்பு மை அடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாளில் பெயருக்குப் பதில் பணியாளர் எண் போடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. "டிசைன் பிரிவின் ஒரே பெண் எஞ்சினியர்" என்று ஒரு வரி வந்தால் எண் எதற்கு? கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் ஆட்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் வருகிறார்கள், சூளகிரி தாண்டுவதற்குள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிரிவு, பதவி, ஆண் பெண் எதுவும் முடிவுக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உள்ளே எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: "எண் 118. முன்மொழிந்தது 4, முடிவு 3. பார்த்தவை: இலக்குப் பட்டியல், மூன்று டூலிங் ட்ரையல் அறிக்கைகள். பணியில் இருந்த மாதங்களுக்கு மட்டும் இலக்கு கணக்கிடப்பட்டது. 4-க்கான அளவுகோல் கேட்பது குறித்த தேதிக்குள் ட்ரையல் முடிப்பது, மூன்றில் ஒன்றுதான் தேதிக்குள் முடிந்தது. மாற்றுக் கருத்து ஒன்று பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படவில்லை. முடிவு: பிளான்ட் ஹெட்." யார் என்ன சொன்னார் என்பது இதில் இல்லை, ஆனால் எதைப் பார்த்து எப்படி முடிவுக்கு வந்தார்கள், யார் பொறுப்பு என்பது இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்ததை மறைக்காதீர்கள், சொன்னவர் பெயரைத்தான் விட வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் போட்டதாக எழுதியிருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் அடி அங்கேதான் விழும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மேலே உள்ளதை எழுதலாம், அது உண்மையாக இருந்தால். கூட்டத்தில் நிஜமாகப் பேசியது "ஆறு மாசம் லீவுல இருந்தாங்க, 4 எப்படிக் கொடுக்கறது" என்பதுதான் என்றால், அதை ட்ரையல் தேதியாக மாற்றி எழுதித் தர என்னால் சொல்ல முடியாது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கிறது சட்டம். ரேட்டிங் அதில் அடங்குமா என்று வாதாட இடம் இருக்கலாம், ஆனால் 26 வாரம் சட்டம் கொடுத்த விடுப்பையே குறையாகச் சொன்ன பிறகு அந்த வாதத்தை எந்த முகத்தோடு வைப்பது? அப்படி இருந்தால் மினிட்ஸைத் தொடாதீர்கள், முதலில் அந்த ரேட்டிங்கை மறுபடி எடுங்கள், இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டாவது குறிப்பு போடுங்கள். "நாலு வாங்கினவங்க அதிகமாயிட்டாங்க, மூணு பேரைக் குறைக்கணும்" என்று கோட்டா கணக்கில் குறைத்ததாக இருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டும். சங்கடம்தான், ஆனால் இல்லாத குறையைப் பின்னால் தேடி ஒட்டுவதை விட எவ்வளவோ மேல்.

அப்புறம் சில விஷயங்கள் காதில் விழுந்தாலும் தாளில் ஏறக்கூடாது. நோய், டயாலிசிஸ், குடும்பச் சண்டை, யூனியன், பாலியல் துன்புறுத்தல் புகார். கடைசியாகச் சொன்னதில் கூடுதல் கவனம் வேண்டும். புகார் விசாரணையில் இருக்கும்போது, அந்தப் பெண் எழுத்தில் கேட்டு உள் புகார்க் குழு பரிந்துரைத்தால், புகாருக்கு ஆளான மேலாளர் அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடக்கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும், பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 2013 விதிகளில் 8-ஆவது விதி இது. அந்த மேலாளர் உங்கள் ஏழு பேரில் ஒருவராக இருந்தால் அவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் ஏன் போனார் என்று எழுதினால் புகாரே வெளியே வந்துவிடும், அதை அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தடுக்கிறது. "எண் 131 பரிசீலனையின்போது ஒரு உறுப்பினர் எச்.ஆர். அறிவுறுத்தலின்படி விலகி இருந்தார்" என்று ஒரே வரி. இதே வாசகத்தை உறவினர் விஷயத்தில் விலகுகிறவர்களுக்கும் போடுங்கள், அப்போதுதான் அந்த வரியைப் பார்த்ததும் யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் தேதிதான் உடனடிச் சிக்கல். பத்து நாள் முன்னால் எழுதியது போல் தேதி போடாதீர்கள், கம்ப்யூட்டரில் ஃபைல் உருவான நாள் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டம் நடந்த நாள் ஒன்று, குறிப்பு எழுதிய நாள் ஒன்று, இரண்டையும் போட்டு, யாருடைய கைக்குறிப்பை வைத்து எழுதினீர்கள் என்றும் சேருங்கள். எஞ்சினியரின் மெயில் வந்த பிறகு எழுதப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அவருக்குப் பதில் மெயிலில் மினிட்ஸ் அனுப்ப வேண்டியதில்லை. அரசு ஊழியருக்கு ஆண்டு மதிப்பீட்டின் ஒவ்வொரு பதிவையும் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தேவ் தத் வழக்கில் சொன்னது, தனியார் கம்பெனியை அது நேரடியாகக் கட்டாது. ஆனாலும் அவருடைய தாளில் உள்ள காரணத்தை அவருக்குச் சொல்லிவிடுங்கள், அளவுகோல் எது, எந்த ட்ரையல், எந்தத் தேதி என்று. மற்றவர் மார்க்கோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கடைசியாக, ஏழு மேலாளர்களிடமும் கைக்குறிப்பு, எக்ஸெல் நகல், வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கும். மற்ற வருஷம் என்றால் குறிப்பு இறுதியானதும் நகல்களை அழிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன், தகராறு கண்ணுக்குத் தெரிந்த பிறகு அழிப்பது ஆதாரத்தை அழித்ததாகிவிடும், அதில் கிரிமினல் சட்டமும் நுழையும். எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி, எம்.டி. கையெழுத்தில் ஒரு மெமோ இந்த வாரமே போகட்டும்.