மாலை வெயில் மேலிருந்து வருவதில்லை

கேள்வி: வீட்டின் பின்பக்கம் மரத்தில் பெர்கோலா போட்டு ஆறு மாதம் ஆகிறது. மேலே சட்டங்கள் கிழக்கு மேற்காகப் போகின்றன. கீழே ஒரு பெஞ்சும் இரண்டு நாற்காலிகளும் போட்டிருக்கிறோம். நாங்கள் அங்கே உட்காருவது மாலையில் மட்டும்தான். ஆனால் இரண்டு மணிக்கே மேலெல்லாம் கோடு கோடாக வெயில், மூன்றரைக்குப் பிறகு நேராக முகத்திலேயே அடிக்கிறது. மேலே அடர்த்தியாகக் கொடி ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா? என்ன கொடி வைக்கலாம்? (பெர்கோலா கிழக்கு மேற்கில் 3.6 மீட்டர், தெற்கு வடக்கில் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர். சட்டம் 10 செ.மீ. உயரம், 4 செ.மீ. கனம், நடுவில் 15 செ.மீ. இடைவெளி. பெஞ்சு மேற்கு ஓரத்திலிருந்து 1.5 மீட்டர் உள்ளே இருக்கிறது.)

பதில்: அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. கொடி வாங்கும் முன் ஒரு நாள் மாலையைச் செலவழித்து, வெயில் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு மணி வெயிலும் மூன்றரை மணி வெயிலும் வேறு வேறு வழியாக வருகின்றன. மேலே எவ்வளவு அடர்த்தியாகக் கொடி ஏற்றினாலும் அது முதலாவதைத்தான் தடுக்கும்.

ஒரு மீட்டர் நீளக் குச்சியை வெட்டவெளியில் நேராக நட்டு, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிழல் சாய்வாக விழுந்தால் முழு நீளம் வேண்டாம். கிழக்குப் பக்கமாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் எடுங்கள். கோணம், சூத்திரம் எதுவும் தேவையில்லை. இந்த ஓர் எண்ணே எல்லாக் கணக்குக்கும் போதும்.

உட்கார்ந்திருப்பவரின் முகம் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் கூரை 2.5 மீட்டரில். நடுவில் 1.4 மீட்டர். குச்சியின் நிழல் 1 மீட்டராக இருக்கும்போது, மேற்கு ஓர உத்தரத்தின் நிழல் முக உயரத்துக்கு வருவதற்குள் 1.4 மீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். உங்கள் பெஞ்சோ 1.5 மீட்டரில். குச்சி நிழல் 1.07 மீட்டரைத் தாண்டிய நிமிடத்திலிருந்து உங்கள் முகத்தில் படும் வெயில் கூரையைத் தொடுவதே இல்லை, மேற்கு உத்தரத்துக்குக் கீழே நுழைந்து வருகிறது. கூரையில் தகரமே அடித்திருந்தாலும் அந்த நேரத்தில் பயன் இருக்காது. இதை நேரிலும் பார்க்கலாம்: மூன்றரை மணிக்குச் சட்டங்களின் நிழல் எங்கே விழுகிறது என்று தேடுங்கள். பெர்கோலாவின் கிழக்குப் பாதியிலும் அதற்கு வெளியிலும்தான் கிடக்கும்.

சரி, செலவில்லாத வேலையை முதலில் செய்வோம். பெஞ்சைக் கிழக்கே நகர்த்தி, மேற்கு ஓரத்திலிருந்து 3 மீட்டரில் போடுங்கள். இப்போது குச்சி நிழல் 2.14 மீட்டர் ஆகும்வரை பக்கவாட்டு வெயில் முகத்துக்கு வராது. சூரியன் மணிக்கு 15 பாகைக்கு மேல் இறங்காது என்பதால், இந்த ஒரு மாற்றத்திலேயே உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாக நிழல் கிடைத்துவிடும். தோட்டத்தைப் பார்த்தபடி ஓரத்தில் உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் மாலையில் நிழல் இருப்பது உள்ளே தள்ளித்தான்.

அடுத்து, கோடு கோடாக விழும் வெயில். இது உண்மையிலேயே மேலிருந்து வருவது, காரணம் சட்டங்களின் திசை. மாலையில் சூரியன் மேற்கே இருக்கும்போது, கிழக்கு மேற்காகப் போகும் சட்டங்களின் நடுவே வெயில் தடையில்லாமல் ஓடி வரும். 4 செ.மீ. சட்டம், 15 செ.மீ. இடைவெளி என்றால் வருவதில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே உள்ளே. இதே சட்டங்கள் தெற்கு வடக்காக இருந்திருந்தால் கதை வேறு: குச்சி நிழல் 1 மீட்டர் இருக்கும்போது ஒவ்வொரு சட்டமும் தன் உயரமான 10 செ.மீ. அளவுக்கு இடைவெளியை மூடும், 5 செ.மீ.தான் திறந்திருக்கும். நிழல் 1.5 மீட்டரானால் முழுதாக மூடிவிடும். சட்டத்தின் கனத்தைவிட அதன் உயரமும் திசையும்தான் இங்கே வேலை செய்கின்றன. பலர் சட்டத்தைப் படுக்கையாகப் போட்டு மரத்தை வீணாக்குவது இது தெரியாமல்தான்.

அதற்காகப் பிரித்துப் போட வேண்டாம். இருக்கிற சட்டங்களுக்கு மேல் குறுக்கே, தெற்கு வடக்காக, 2 செ.மீ. கனமும் 4 செ.மீ. உயரமும் உள்ள ரீப்பர்களை நிமிர்த்தி வைத்து 4 செ.மீ. இடைவெளியில் திருகாணி போட்டு முடுக்குங்கள். ஆணி அடித்தால் ரீப்பர் பிளக்கும். முதலில் துளையிட்டுக்கொண்டு திருகுவதே நல்லது. குச்சி நிழல் 1 மீட்டரைத் தொடும்போது இந்த ரீப்பர்கள் மேல் வெயிலை முழுவதும் நிறுத்திவிடும். உச்சி வெயிலில் பாதிக்குச் சற்று மேல் உள்ளே வரும், அது கொடிகளுக்கும் தேவை.

சிறிய ரீப்பரில் இன்னொரு லாபமும் உண்டு. சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டத் தட்டாக இருப்பதால் ஒவ்வொரு நிழலின் விளிம்பும் கொஞ்சம் கரையும். நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு இந்தக் கரைசல் இருக்கும். 2.5 மீட்டர் மேலே உள்ள சட்டத்துக்குத் தரையில் சுமார் 2.3 செ.மீ. 15 செ.மீ. இடைவெளியில் அது தெரியவே தெரியாது, வெயிலும் நிழலும் கத்தி போல் பிரிந்து நிற்கும். புத்தகம் படிக்கும்போது கண் கூசுவது அதனால்தான். 4 செ.மீ. இடைவெளியில் கோடு இருக்கும், ஆனால் ஓரம் மென்மையாகிவிடும். இலைகளின் சின்னச் சின்ன இடுக்குகள் வழியாக வரும் வெயில் வட்டம் வட்டமாக விழுவதும் இதே காரணத்தால்தான்: இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் பிம்பம். பகுதி சூரிய கிரகணத்தன்று பார்த்தால் அத்தனையும் பிறையாக இருக்கும்.

அப்புறம் கொடி. அதன் இடம் கூரை அல்ல, மேற்குப் பக்கம். இரண்டு மேற்குத் தூண்களுக்கு நடுவே ஒரு பச்சைத் திரை. அது தரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சூரியன் அடிவானத்தைத் தொடும்போதுகூட முகத்துக்கு வரும் கதிர் 1.1 மீட்டர் உயரத்தில்தான் திரையைக் கடக்கும், அதற்கு முன்பு இன்னும் மேலே. ஆகவே 90 செ.மீ. முதல் உத்தரம் வரை இலை இருந்தால் போதும். கீழே திறந்திருந்தால் காற்று வரும், காலில் படும் வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை.

90 செ.மீ. உயரத்தில் தொடங்கி 30 செ.மீ.க்கு ஒன்றாக 2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பியைப் படுக்கையாகக் கட்டுங்கள். ஒரு முனையில் டர்ன்பக்கிள் போட்டால் தொய்வு விழும்போது முறுக்கிக்கொள்ளலாம். மேலிருந்து தரை வரை 40 செ.மீ.க்கு ஒரு செங்குத்துக் கம்பியும் வேண்டும். தூணே இருக்கிறதே, கம்பி எதற்கு என்று கேட்பார்கள். பாகல், பேஷன் ஃப்ரூட் போலச் சுருள் பற்றால் ஏறும் கொடிகளால் விரல் கனத்துக்கு மேற்பட்ட எதையும் பிடிக்க முடியாது. 10 செ.மீ. தூண் அவற்றுக்குச் சுவர் மாதிரி.

என் முதல் பெர்கோலாவில் நான் செய்த தவறு இதற்கு அடுத்த கட்டத்தில். பேஷன் ஃப்ரூட் கொடியை நட்டு, அது வேகமாக ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்து அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாவது மாதத்தில் கூரை மேல் ஒரு மெத்தையே கிடந்தது, பக்கவாட்டில் நாலு மொட்டைத் தண்டு. வெயில் பழையபடி முகத்தில். கொடியின் நுனி இருக்கும்வரை பக்கக் கணுக்களை அது அடக்கி வைக்கும், வெளிச்சம் இருக்கும் உச்சிக்கே ஓடும். அதனால் கொடி முதல் படுக்கைக் கம்பிக்குச் சற்றுக் கீழே, சுமார் 80 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு வாரத்தில் பக்கக் கிளைகள் வரும். அவற்றில் இரண்டை முதல் கம்பியில் இடமும் வலமுமாகப் படுக்க வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுத்த தண்டில் கணுவுக்குக் கணு துளிர்க்கும். அவைதான் மேலே ஏறித் திரையாகும். கூரைக்கு அவசரப்பட்டு ஓடும் நுனிகளை முதல் வருடம் முழுக்கக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

3 மீட்டருக்கு மூன்று செடி போதும். தூணை ஒட்டி நடாதீர்கள். அங்கே அடித்தளக் கான்கிரீட்தான் இருக்கும், மண் குறைவு, சீக்கிரம் காயும். 40 செ.மீ. தள்ளி நட்டு, கம்பியை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

என்ன கொடி? உறைபனி இல்லாத இடமென்றால் உங்கள் திரைக்கு நான் முல்லையையும் சங்குப்பூவையும் சேர்த்து வைப்பேன். சங்குப்பூ சில மாதங்களில் கம்பியை மூடும், எடையும் குறைவு; முல்லை மெதுவாக வந்து அடுத்த வருடம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இரண்டும் தண்டாலேயே கம்பியைச் சுற்றி ஏறுபவை. இப்படிச் சுற்றும் பெரும்பாலான கொடிகளுக்குச் சுற்றும் திசை பிறவியிலேயே உண்டு, நீங்கள் மாற்றிச் சுற்றிவிட்டால் நுனி பிடிப்பில்லாமல் நழுவும். கம்பியில் சாய்த்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். குளிர்காலம் கடுமையாக இருந்தால் திராட்சை நல்லது. வெயில் வேண்டிய பருவத்தில் தானே இலை உதிர்த்துவிடும். காகிதப்பூ அழகுதான், ஆனால் முள். உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் அதை வைக்க மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் கூரையிலும் கொஞ்சம் பச்சை வேண்டுமென்றால், திரை நிறைந்தபின் நாலைந்து கிளைகளை மட்டும் மேலே விடுங்கள். நடுப்பகலில் தரையைப் பாருங்கள்: வெயில் வட்டங்கள் பரவலாகத் தெரிந்தால் சரியான அளவு. ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் அடர்த்தி அதிகமாகிவிட்டது. கீழே தரை ஈரம் காயாது, மேலே சட்ட இடுக்கில் சருகு தங்கி மழைநீரைப் பிடித்து மரத்தை உளுத்துப்போகச் செய்யும். அப்போது மூன்றில் ஒரு பங்கு கிளைகளை அடியோடு எடுத்துவிடுங்கள். நுனியை மட்டும் வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத்தான் வரும்.