ரப்பர் பால் பில், பி.ஓ., ஜி.ஆர்.என். ஒத்துப்பார்த்தல்: கேள்வி பதில்

மார்த்தாண்டம், ஆலைக் கணக்கர்: ஐயா, பில்லை ஸ்கேன் செய்தால் மென்பொருளே எண்களை எடுத்து கொள்முதல் ஆணையான பி.ஓ.வோடும் சரக்கு வரவுச் சீட்டான ஜி.ஆர்.என்.னோடும் ஒப்பிடுகிறது. எடையில் 2 சதவீதம், பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று சொல்லும் டி.ஆர்.சி.யில் 2 வரை வித்தியாசத்தை அனுமதித்திருக்கிறோம். எல்லாப் பில்லும் தேறுகிறது. மாத முடிவில் மட்டும் ரப்பர் குறைகிறது. ஏன்?

நீங்கள் அனுப்பிய லோடு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உலர் ரப்பர் கிலோவுக்கு ரூ.180 என்று பி.ஓ. சொல்கிறது. பில்லில் பால் 4,000 கிலோ, டி.ஆர்.சி. 36, ஆகவே உலர் ரப்பர் 1,440 கிலோ, விலை ரூ.2,59,200. உங்கள் ஜி.ஆர்.என்.னில் எடைமேடை 3,960 கிலோ காட்டுகிறது, லேப் 34.5 கொடுத்திருக்கிறது.

எடையில் குறைவு 1 சதவீதம்தான் என்பதால் மென்பொருள் அதை விட்டுவிட்டது. டி.ஆர்.சி.யில் 36க்கும் 34.5க்கும் இடையே 1.5 இருக்கிறது, அது 2க்குள் அடங்குவதால் அதையும் விட்டுவிட்டது. ஆனால் 36இல் 1.5 குறைவது என்பது 4 சதவீதத்துக்கும் மேலான குறைவு. அதோடு எடைக் குறைவும் சேரும்போது கைக்கு வந்த உலர் ரப்பர் 1,366.2 கிலோதான். 73.8 கிலோ, அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல், வராமலேயே பணம் போய்விட்டது. ரூபாயில் அது 13,284.

ஆகவே அனுமதி வரம்பை எடைக்கும் டி.ஆர்.சி.க்கும் தனித்தனியே வைக்காமல், இரண்டையும் பெருக்கி வரும் உலர் கிலோவுக்கு மட்டும் வையுங்கள். பி.ஓ. விலை பேசியிருப்பது அந்த அளவுக்குத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். எடை லோடு வந்த அன்றே தெரிந்துவிடும்; லேப் எண் பெரும்பாலும் மறுநாள்தான் வரும். அதற்குள் ஜி.ஆர்.என்.னை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பில்லில் உள்ள 36ஐயே பார்த்து எழுதிவிட்டால், அதன் பிறகு எந்த ஒப்பீடும் எதையும் கண்டுபிடிக்காது. பல வாரங்களாக ஒரே வியாபாரியின் பில்லில் உள்ள டி.ஆர்.சி.யும் ஜி.ஆர்.என்.னில் உள்ள டி.ஆர்.சி.யும் புள்ளி பிசகாமல் ஒன்றாகவே இருந்தால், அங்கே இதுதான் நடக்கிறது. வரவு எழுதுபவர் கையில் பில் இருக்கவே கூடாது.

நாகர்கோவில், மென்பொருள் நிறுவித் தருபவர்: இவ்வளவு எதற்கு? பில்லின் மொத்தத் தொகையை, ஜி.ஆர்.என். உலர் கிலோவை பி.ஓ. விலையால் பெருக்கி வரும் தொகையோடு ஒப்பிட்டாலே போதுமே.

பணத்தை நிறுத்துவதற்கு அது போதும். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரியே. ஆனால் நிறுத்திய பிறகு யாரைக் கேட்பது என்பதை அந்தத் தொகை சொல்லாது. எடை குறைந்தால் எடைமேடைச் சீட்டையும், டி.ஆர்.சி. குறைந்தால் லேபையும், விலை மாறினால் கொள்முதல் பிரிவையும் கேட்க வேண்டும். தொகையை வைத்து நிறுத்துங்கள். மூன்று எண்களையும் திரையில் தனித்தனியே காட்டுங்கள்.

கருங்கல், கணக்குப் பிரிவு: எங்கள் மென்பொருள் 4,000 கிலோவை 180ஆல் பெருக்கி ரூ.7,20,000 வர வேண்டும் என்று கேட்டு, சரியான பில்லையே தள்ளிவிடுகிறது.

பில்லில் அளவு என்ற பெயரில் பால் எடை, உலர் எடை என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அது முதலாவதை எடுத்துக்கொண்டது. பி.ஓ.வுக்குக் கொண்டுபோகும் முன் பில்லின் எண்கள் தமக்குள்ளேயே ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்: பால் எடை, டி.ஆர்.சி., விலை மூன்றும் பெருகி, நூறால் வகுபட்டு, வரி சேராத தொகையைத் தர வேண்டும். தராவிட்டால் கட்டம் மாறியிருக்கலாம், 36.0 என்பது 360 ஆகியிருக்கலாம், வியாபாரியே தப்பாகக் கூட்டியிருக்கலாம். மூன்றில் எது என்பதை ஓர் ஆள் பில்லைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

குலசேகரம், ரப்பர் பால் வியாபாரி: மூன்று தாள் என்கிறீர்கள். ஜி.ஆர்.என். நீங்களே எழுதுவது, லேபும் உங்களுடையது. நான் மெட்ரோலாக்கில் பார்த்து 36 என்று அனுப்புகிறேன், நீங்கள் 34.5 என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்கிறீர்கள். இதில் எனக்கு என்ன நியாயம்?

உங்கள் கேள்வி நியாயமானது. ஒத்துப்பார்ப்பதால் இரண்டு எண்கள் வேறுபடுகின்றன என்று தெரியுமே தவிர, எது சரி என்று தெரியாது. மெட்ரோலாக் பாலின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. தண்ணீர் கலந்திருந்தால் அதன் கணக்கு பிசகும். லேபில் பாலை அமிலமிட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, 70 டிகிரி அளவில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்கிறார்கள். முறையில் லேபுதான் நம்பத் தகுந்தது.

அதே வியாபாரி: முறை சரிதான், மாதிரி சரியா? டேங்கரைக் கலக்காமல் அடிக்குழாயில் பிடித்தால் என்ன வரும்?

குறைவாகத்தான் வரும். ரப்பர் துகள் நீர்ப்பகுதியைவிட இலேசானது. நெடுநேரம் அசையாமல் நின்ற பாலில் அது மெல்ல மேலே கூடும். அப்படிப் பிடித்த மாதிரியில் வந்த எண்ணை வைத்துப் பணம் பிடிப்பது தவறு. நன்கு கலக்கி மாதிரி எடுத்து, இரண்டு பாட்டில்களில் அடைத்து, ஒன்றில் உங்கள் ஓட்டுநரின் கையெழுத்தோடு முத்திரையிட்டு வைக்க வேண்டும். யாருடைய டி.ஆர்.சி. செல்லும், தகராறு வந்தால் அந்தப் பாட்டில் எங்கே போகும் என்பதைப் பி.ஓ.விலேயே எழுத வேண்டும்.

மார்த்தாண்டம், ஆலைக் கணக்கர்: எங்கள் பி.ஓ.வில் விலை மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த 13,284 யாருக்கு?

அதை நான் தீர்க்க முடியாது. உங்கள் இருவருக்கும் இடையே எழுத்தில் எதுவும் இல்லை. லேப் எண்ணை ஏற்று அவர் இறங்கிவந்தால், வரி 5 சதவீதமும் சேர்த்து ரூ.13,948.20க்கு அவர் கிரெடிட் நோட் தர வேண்டும், நீங்கள் வரியோடு ரூ.2,58,211.80 செலுத்த வேண்டும். கிரெடிட் நோட் வாங்காமல் பணத்தை மட்டும் குறைத்துவிட்டு, பில்லில் உள்ள முழு வரிக்கும் உள்ளீட்டு வரவு எடுத்தால் பின்னால் சிக்கல் வரும்.

அருமனை, சிறு தோட்டக்காரர்: மழைக்காலத்தில் என் தோட்டத்துப் பாலின் டி.ஆர்.சி. குறைந்துபோகிறது. என்ன உரம் போடலாம்?

இதற்கு ரப்பர் வாரியத்தின் கள அலுவலரைக் கேளுங்கள்.

தக்கலை, கணக்கர்: ஒரே பில் வாட்ஸ்அப்பிலும் தாளிலும் வந்து இரண்டு முறை பணம் போய்விட்டது. எப்படித் தடுப்பது?

வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், நிதியாண்டு மூன்றும் சேர்ந்தது ஒரு முறைக்கு மேல் உள்ளே வரக் கூடாது. மங்கிய படத்தில் பூஜ்யம் ஆங்கில ஓ எழுத்தாக மாறிவிடும் என்பதால், ஒப்பிடும்போது அவை இரண்டையும் ஒன்றாகவே கொள்ளச் சொல்லுங்கள். ஜி.ஆர்.என். ஒவ்வொன்றும் ஒரு பில்லுக்கு மட்டுமே செலவாக வேண்டும். பில் எண் எப்படித் தவறினாலும் இந்த இரண்டாவது பூட்டு நிற்கும்.

குழித்துறை, கணக்கர்: எங்களுக்கும் ஒரே பில் இரண்டு முறை வந்துவிட்டது. என்ன செய்வது?

தக்கலைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

இரணியல், கணக்குப் பிரிவு: இ-இன்வாய்ஸ் கியூ.ஆர். குறியீட்டைப் படித்தால் ஸ்கேன் தேவையில்லையே?

பில் எண், தேதி, மொத்தத் தொகை ஆகியவை அதில் நம்பகமாகக் கிடைக்கும். ஸ்கேன் எடுத்த எண்களை அவற்றோடு சரிபாருங்கள். ஆனால் எடையும் டி.ஆர்.சி.யும் அதில் இல்லை. தவிர, ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டாத வியாபாரியின் பில்லில் அந்தக் குறியீடே இருக்க வேண்டியதில்லை.

மேல்புறம், ஆலை மேற்பார்வையாளர்: லேப் எண் தாமதமாகிறது. பில்லில் உள்ள டி.ஆர்.சி.யைத் தற்காலிகமாக ஜி.ஆர்.என்.னில் போட்டுவிட்டுப் பிறகு திருத்தலாமா?

கூடாது. முதல் பதிலிலேயே சொன்னேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அது வெறுமையாக இருக்கும்வரை பில் ஒப்பீட்டுக்கே போகாதபடி மென்பொருளில் அமையுங்கள்.