1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 1,000 வெள்ளிக் கடன்

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 1,100 வெள்ளி. அதில் 600 வெள்ளியை ஊரிலுள்ள அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில், வயதானவர்களுக்கு என்னென்ன ஓய்வூதியம் உண்டு, எங்கே மனுக் கொடுப்பது என்று விளக்கிப் பேசினார்களாம். 63 வயதான என் அம்மாவும், பிள்ளைகள் இல்லாத 68 வயதான விதவைப் பெரியம்மாவும் கேட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு ஓய்வூதியம் வாங்கித் தரத் தரகருக்கு 25,000 ரூபாய் வேண்டும், 60 வயதிலிருந்து நிலுவையும் சேர்ந்து வரும் என்றார் அண்ணன். ஒரு முகவர் சொன்ன பென்ஷன் பாலிசிக்கு இன்னொரு 30,000. உரிமம் பெற்ற கடன் கடையில் 1,000 வெள்ளி வாங்கி அனுப்பினேன். இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது கடன். பாலிசி போன வாரம் வந்துவிட்டது. ஓய்வூதியம் பற்றிப் பேச்சே இல்லை. நான் செய்தது சரியா?

பதில்: தம்பி, முதலில் பாலிசி. காரணம், அதற்கு மட்டும்தான் கெடு இருக்கிறது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, கடந்துபோன நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அம்மா கையெழுத்திட்ட கடிதத்தை நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கச் சொல்லுங்கள். முகவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் 31ஆம் நாள் வரை பேசிக்கொண்டே இருப்பார்.

ஆண்டுக்கு 30,000 வீதம் பத்து ஆண்டுகள் கட்டினால் 3 லட்சம் ரூபாய். பத்து ஆண்டு கட்டி முடித்த பிறகுதான் பென்ஷன் என்பது இவ்வகைத் திட்டங்களில் வழக்கமான ஏற்பாடு. அப்போது அம்மாவுக்கு 73 வயது. இன்றே வருமானம் தேவைப்படும் ஒரு மூதாட்டிக்கு இதை விற்பதற்கு எப்படி மனம் வருகிறதோ! பெயரில் பென்ஷன் என்று இருந்தால் போதும், கிராமத்தில் விற்றுவிடுகிறது.

இனி கடன். உங்களுக்குத் தெரியாத கணக்கில்லை, ஆனால் இரண்டு ஊர்க் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கு ஏறத்தாழ 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக் கடனில் கட்டணமாகப் பத்து சதவீதம் பிடித்திருப்பார்கள். கைக்கு வந்தது 900. மாத வட்டி நான்கு சதவீதம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு இவை. ஆறு மாதத் தவணை என்றால் மாதம் 191 வெள்ளி, மொத்தம் 1,146. வாங்கிய 900 போக 246 வெள்ளி, அதாவது சுமார் 16,000 ரூபாய், கடன் கடைக்கு.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் கடன் செலவு மட்டுமே 13 மாத ஓய்வூதியம். தரகரின் 25,000 ஏறத்தாழ இன்னொரு 21 மாதம். ஓய்வூதியம் நாளைக்கே வந்தாலும் முதல் 34 மாதங்கள் அதை வாங்கச் செய்த செலவை ஈடுகட்டவே சரியாக இருக்கும். அம்மா இப்போது மகளிர் உரிமைத் தொகையாக 1,000 ரூபாய் வாங்குகிறார் என்றால் நிலைமை இன்னும் மோசம். முதியோர் ஓய்வூதியம் பெறுபவருக்கு அந்தத் தொகை கிடையாது. இதைப் பெற அதை விட வேண்டும். மிஞ்சும் லாபம் மாதம் 200 ரூபாய், அதாவது மூன்று வெள்ளி.

தரகர் உண்மையிலேயே மனுக் கொடுத்தாரா என்று கண்டுபிடிப்பது சுலபம். மனுவை இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு அச்சிட்டுத் தருவார்கள். மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். அண்ணனிடம் அந்தச் சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சீட்டு இல்லையென்றால் மனுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். 60 வயதிலிருந்து நிலுவை என்ற பேச்சை மறந்துவிடுங்கள். உத்தரவு வந்த பிறகுதான் பணம் தொடங்கும்.

அப்படியே மனுக் கொடுத்திருந்தாலும் அம்மாவுக்குக் கிடைக்குமா? கிடைப்பது கடினம், கிடைக்காததில் நியாயமும் இருக்கிறது. இந்த உதவி, வறுமைக்கோட்டுக்குக் கீழே ஆதரவின்றி இருக்கும் முதியோருக்கானது. மனு வந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், பிறகு தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவிடுவார். ஒரு மகன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், இன்னொரு மகன் ஊரிலேயே இருக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று அம்மாவைச் சொல்ல வைத்து வாங்கினால், அடுத்த சரிபார்ப்பில் பெயரை நீக்கிவிடுவார்கள். யாராவது ஒருவர் புகார் மனு எழுதினாலே போதும்.

அந்தக் கூட்டத்தில் பேசியது உண்மையில் உங்கள் பெரியம்மாவுக்குத்தான். கடிதத்தில் அவரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பிள்ளையில்லை, கணவரில்லை, வயது 68. அவருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: முதியோர் ஓய்வூதியம் ஒன்று, ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் இன்னொன்று. இரண்டிலும் தொகை ஒன்றுதான், ஒருவருக்கு ஒன்றுதான் கிடைக்கும். கைம்பெண் என்பதால் விதவை ஓய்வூதியத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் கட்டாயம். பல ஆண்டுகளுக்கு முன் கிராமத்தில் நடந்த சாவு பதிவே ஆகாமல் இருக்கலாம். ஓராண்டுக்கு மேல் ஆன இறப்பைப் பதிய தனி உத்தரவு வாங்கி அலைய வேண்டும். முதியோர் வழியில் போனால் அந்தச் சான்றிதழே வேண்டியதில்லை. 60 வயது நிறைந்ததற்கு அத்தாட்சி இருந்தால் போதும்.

வேண்டியவை ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், அவர் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. போகுமுன் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் வயது ஒத்துப்போகிறதா? ஆதார் எடுத்தபோது பல பெரியவர்களுக்குக் குத்துமதிப்பாக ஒரு பிறந்த ஆண்டைப் போட்டுவிட்டார்கள். ஓர் அட்டையில் 68, இன்னொன்றில் 57 என்றிருந்தால் மனு அங்கேயே நிற்கும். பெயர் உங்கள் அம்மாவின் குடும்ப அட்டையில் இருந்தால் அதுவும் கேள்வியாக வரும்: இந்த வீட்டில் சாப்பிடுகிறவர் எப்படி ஆதரவற்றவர் என்பார்கள். அவர் உண்மையிலேயே தனியாக வாழ்கிறார் என்றால் தனி அட்டை வாங்கிவிட்டு மனுக் கொடுப்பது நல்லது. வங்கிக் கணக்கு நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடந்தால் அதையும் முதலில் உயிர்ப்பிக்க வேண்டும். உத்தரவு வந்தும் பணம் வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கெல்லாம் தரகர் தேவையில்லை. இ-சேவை மையத்தில் வாங்குவது சிறிய சேவைக் கட்டணம்தான், ரசீதுடன். மாதக் கணக்கில் பதிலில்லையென்றால் ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையன்று தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். 1100 என்ற எண்ணில் முதலமைச்சரின் உதவி மையத்துக்கும் சொல்லலாம்.

அம்மாவுக்கு என்ன செய்வது? அவருக்கு நீங்களே ஓய்வூதியம் கொடுக்கலாம், அரசு கொடுப்பதைவிடச் சற்று அதிகமாகவே. கடன் முடிந்த பிறகு அதே 191 வெள்ளியை நிறுத்தாமல் உங்கள் பெயரில் சேர்த்து வாருங்கள். 16 மாதங்களில் 3,056 வெள்ளி, ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். அதை அம்மாவுக்குக் கொடுத்து அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் போடச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அதற்கு 8.2 சதவீதம் கொடுத்தார்கள். கணக்குத் தொடங்கும் நாளின் விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. அந்த விகிதத்தில் 2 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,100 ரூபாய், மாதக் கணக்கில் 1,366. முதலும் அப்படியே இருக்கும். வெளிநாடு வாழ் இந்தியர் என்பதால் உங்கள் பெயரில் தொடங்க முடியாது, அம்மா பெயரில்தான் முடியும். மகன் தாய்க்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை.

இது நடக்க வேண்டுமென்றால் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். அண்ணன் தொலைபேசியில் கேட்டதும் கடன் கடைக்கு நடக்கிறீர்களே, அதை. உங்கள் சம்பளத்தில் 600 ஊருக்கும் 191 தவணைக்கும் போனால் கையில் 309 வெள்ளி. சாப்பாடு, தொலைபேசி, ஒரு மருத்துவச் செலவு வந்தால் நான்காவது கடன். இந்த ஆறு மாதத்துக்கு 600ஐ 450 ஆகக் குறையுங்கள். அந்த 450ஐயும் அம்மாவின் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். ஏடிஎம் அட்டை அம்மாவிடமே இருக்கட்டும். அண்ணன் கோபித்துக்கொள்வார். 25,000க்கு ரசீது கேட்டால் இன்னும் கோபிப்பார். கேளுங்கள்.

பாலிசிப் பணம் 30,000 திரும்பி வந்தால் அது சுமார் 460 வெள்ளி. அதை அண்ணன் கையில் விடாமல் அம்மா கணக்கில் வாங்கி, அதிலிருந்தே வீட்டுச் செலவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாதம் இங்கிருந்து அனுப்ப வேண்டிய 450 வெள்ளியைக் கடன் கடையில் கட்டி அசலைக் குறைத்துவிடலாம். முன்கூட்டியே கட்டினால் மீதி மாதங்களுக்கு வட்டி எவ்வளவு குறையும் என்று ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ கடன் தருகிறோம் என்று யாராவது வந்தால் பதில் போடாதீர்கள். உரிமம் பெற்ற கடைகள் அப்படி விளம்பரம் செய்ய இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படி வருகிறவர்கள் உங்கள் வேலை அனுமதி அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.